எழுந்து மிதிக்கும்போது கைகள் செய்யும் வேலை

மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறும் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. 2008-ல் தொடங்கிய ‘டூர் ஆஃப் நீல்கிரிஸ்’ சைக்கிள் பயணத்தில் கலந்துகொள்கிறவர்களுக்கு இந்த ஏற்றம் நன்றாகத் தெரியும். வளைவுகளின் எண்ணிக்கையைவிட அவை திரும்பும் திசைதான் சைக்கிள்காரரை அதிகம் சோதிக்கிறது. நம் நாட்டில் சாலையின் இடது ஓரமாகப் போகிறோம். வளைவு வலப்பக்கம் திரும்பினால் நாம் வெளிவட்டத்தில் இருப்போம். தூரம் கூடும், சரிவு தணியும். இடப்பக்கம் திரும்பினால் உள்வட்டத்தில் மாட்டிக்கொள்வோம். அதே உயரத்தைப் பாதித் தூரத்துக்குள் ஏறியாக வேண்டும். சாலை திடீரென்று சுவர்போல் நிமிரும். அங்கேதான் பெரும்பாலானவர்கள் சீட்டை விட்டு எழுகிறார்கள்.

ஏன் எழுகிறோம் என்று கேட்டால், “உடம்பு எடையைப் போட்டு மிதிக்க” என்று பதில் வரும். இது பாதி உண்மை. எடையை மிதியின் மேல் போடுவது எளிது. அந்த எடை சைக்கிளைப் பக்கவாட்டில் கவிழ்த்துவிடாமல் காப்பதும், காலின் முழுத் தள்ளலும் சக்கரத்துக்குப் போய்ச் சேரும்படி உடலைப் பிடித்து நிறுத்துவதும்தான் கடினம். அந்த வேலையைச் செய்பவை கைகள். எழுந்து மிதிப்பதில் கால் தசைகளில் வரும் மாற்றத்தைப் பலரும் பேசுகிறார்கள். கைகளின் பங்கைப் புரிந்துகொள்ளாமல் அந்த மாற்றமும் புரியாது.

ஒரு வளைவின் கணக்கு

60 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோ எடையுள்ள கியர் சைக்கிளில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் 34 பல் கொண்ட சக்கரம், பின்பக்கம் 28 பல். மிதியைத் தாங்கும் கிராங்கின் நீளம் 17 சென்டிமீட்டர். இந்த அமைப்பில் மிதி ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் சுமார் இரண்டரை மீட்டர் முன்னேறும்.

சாலை 10 சதவீதச் சரிவில், அதாவது 100 மீட்டர் தூரத்துக்கு 10 மீட்டர் உயர்கிறது. மிதி நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றினால் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். அதற்குச் சுமார் 185 வாட் திறன் வேண்டும். மிதியின் மேல் சராசரியாக விழ வேண்டிய அழுத்தம் 18 கிலோ. கால் எப்போதும் ஒரே அழுத்தம் தருவதில்லை. மிதி மேலே இருக்கும்போது குறைவாகவும், முன்னால் நீட்டி நிற்கும்போது மிக அதிகமாகவும் தருகிறது. அந்த உச்சம் சராசரியைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதாவது 35 கிலோ. 60 கிலோ மனிதருக்கு இது தாங்கக்கூடியதே. உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம்.

இப்போது இடது வளைவின் உள்வட்டம் வருகிறது. சரிவு 16 சதவீதம் என்று கொள்வோம். கியர் இதற்கு மேல் இலகுவாகாது; 28 பல்தான் கடைசி. மிதியில் தேவைப்படும் சராசரி அழுத்தம் 27 கிலோவுக்கு ஏறுகிறது. உச்சம் 55 கிலோவை எட்டுகிறது. அதே 185 வாட்தான் தர முடியும் என்றால் வேகம் மணிக்கு 6 கிலோமீட்டராகச் சரியும். மிதி நிமிடத்துக்கு 40 சுற்றுக்குக் கீழே போய்விடும்.

55 கிலோ என்ற எண்ணைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சீட், கைப்பிடி, மிதி ஆகிய மூன்றும் சேர்ந்துதான் ஒருவரின் 60 கிலோ எடையைத் தாங்குகின்றன. ஒரு மிதி மட்டும் 55 கிலோவைத் தாங்கினால் மிச்சம் 5 கிலோ. மேலேறி வரும் மற்றக் கால் தன் மிதியில் கிடத்தும் பாரமே அந்த அளவுக்கு வந்துவிடும். சீட்டுக்கு எதுவும் மிஞ்சாது. அதாவது கால் இவ்வளவு பலமாகத் தள்ளும்போது உடல் தானாகவே சீட்டிலிருந்து மேலெழும்பப் பார்க்கும். உட்கார்ந்தே இருக்க வேண்டுமானால் இரு கைகளாலும் கைப்பிடியை இழுத்து உடலைக் கீழே அழுத்திவைக்க வேண்டும். ஏற்றத்தில் பற்களைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தே மிதிக்கிறவரின் முன்கைகள் விறைத்து நிற்பதற்குக் காரணம் இதுதான். எழுந்து நிற்பது, உடல் எப்படியும் போக விரும்பும் இடத்துக்கு அதைப் போக விடுவது.

உட்கார்ந்திருக்கும்போது எந்தத் தசை

உட்கார்ந்து மிதிக்கும்போது இடுப்புக்கு ஒரு திடமான தளம் கிடைக்கிறது. இடுப்பெலும்பு சீட்டில் ஊன்றியிருக்கிறது. கால் அதிலிருந்து உந்திக் கீழே தள்ளுகிறது. முழங்காலை நீட்டுவது தொடையின் முன்பக்கத்தில் இருக்கும் நான்கு தசைகளின் தொகுதி. தொடையைக் கீழே அழுத்துவது பிட்டத்தின் பெருந்தசை. மிதி அடிப்பக்கத்தைக் கடக்கும்போது பின்தொடைத் தசைகளும் கெண்டைக்காலும் சேர்ந்து காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கின்றன. மேலுடலுக்குப் பெரிய வேலை இல்லை. கைகள் கைப்பிடியில் சும்மா கிடக்கலாம்.

மிதியின் வட்டத்தைக் கடிகார முகமாக எண்ணி, சைக்கிளை வலப்பக்கத்திலிருந்து பாருங்கள். உச்சி 12 மணி, முன்னால் நீட்டிய நிலை 3 மணி, அடி 6 மணி. உட்கார்ந்திருப்பவரின் அழுத்தம் 3 மணியை ஒட்டி உச்சத்தை அடைகிறது. அதன் பின் விரைவாகக் குறைகிறது.

சரிவு கூடினால் இந்தத் தசைகளின் வேலைப் பங்கீடு மாறும் என்று பலரும் நினைப்பார்கள். அளந்து பார்த்தவர்களுக்கு வேறு விடை கிடைத்தது. தோலின் மேல் மின்முனைகளை ஒட்டி, தசை வேலை செய்யும்போது எழும் மின்சாரத்தைப் பதிவுசெய்யும் இஎம்ஜி என்ற முறை உண்டு. லி லி, கிரஹாம் கால்டுவெல் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1998-ல் வெளியிட்ட ஆய்வில் சமதளத்தையும் 8 சதவீத ஏற்றத்தையும் இந்த முறையில் ஒப்பிட்டார்கள். உட்கார்ந்தே மிதித்தவரை, ஏற்றம் வந்ததால் தசைகள் இயங்கும் ஒழுங்கு பெரிதாக மாறவில்லை. எழுந்து நின்றதும் மாறியது. பிரான்சைச் சேர்ந்த செபாஸ்தியன் டியூக்கும் சக ஆய்வாளர்களும் 2008-ல் 4, 7, 10 சதவீதச் சரிவுகளில் செய்த ஆய்விலும் இதே முடிவுதான் வந்தது. சரிவு தசைகளின் ஒழுங்கை மாற்றுவதில்லை, உட்காரும் நிலையா நிற்கும் நிலையா என்பதுதான் மாற்றுகிறது.

எழுந்ததும் கால்களில் மாறுவது

எடையைப் போட்டு மிதிப்பதில் இலவசமான சக்தி எதுவும் இல்லை. கிணற்று ஏற்றத்தில் மரத்தின் மேல் நடந்து தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது தெரியும்: உடல் எடையால் மரம் தாழும், ஆனால் அடுத்த முறை தாழ்த்துவதற்கு அவரே மறுபடி மேட்டுக்கு நடந்து ஏற வேண்டும். நின்று மிதிப்பவரும் வலது மிதியில் இறங்கிய உடலை, இடது மிதியில் இறங்குவதற்கு முன் மறுபடி உயர்த்துகிறார். உயர்த்துவது கால் தசைகளே. எடை தருவது கூடுதல் சக்தி அல்ல. அழுத்தம் எப்போது, எவ்வளவு விழ வேண்டும் என்பதில் ஒரு சலுகை.

அந்தச் சலுகை மிதி வட்டத்தில் தெளிவாகத் தெரிகிறது. எழுந்து நிற்பவரின் இடுப்பு முன்னும் மேலுமாக நகர்ந்து மிதிக்கு மேலே வந்துவிடுகிறது. அழுத்தத்தின் உச்சம் 3 மணியைத் தாண்டிப் பின்தள்ளிப் போகிறது, உச்சமும் பெரிதாகிறது. உடல் எடை கீழே இறங்கிக்கொண்டே இருப்பதால் 5 மணி நிலையில்கூடக் கணிசமான அழுத்தம் மிச்சமிருக்கிறது. அந்த நிலையில் நேர்கீழாக விழும் 60 கிலோவில் பாதி, அதாவது 30 கிலோ, கிராங்கைச் சுற்றப் பயன்படும். நம் வளைவுக்குத் தேவையான சராசரி 27 கிலோ என்பதை நினைத்துப் பாருங்கள். உட்கார்ந்திருப்பவர் கைவிட்டுவிட்ட இடத்தில் நிற்பவர் இன்னும் சைக்கிளை நகர்த்திக்கொண்டிருக்கிறார். 6 மணியில் எல்லாமே வீண். கிராங்கின் நீளவாக்கில் விழும் எடை எதையும் சுற்றாது. கால் எலும்புகள் அதைத் தாங்கி நிற்கின்றன, அவ்வளவுதான்.

தசைகளில் மிகப் பெரிய மாற்றம் பிட்டத் தசைக்கு. அது அதிக வலுவோடு இயங்குகிறது. மிதி இறங்கும்போது அதிக நேரம் இயங்குகிறது. இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, தொடையைக் கீழே தள்ளும் அதன் வழக்கமான வேலை. இரண்டாவது, சீட் இல்லாதபோது இடுப்பெலும்பை நிலையாகப் பிடித்துவைக்க வேறு ஆள் இல்லை. சீட் செய்துவந்த வேலையையும் பிட்டத் தசை ஏற்றுக்கொள்கிறது. இடுப்பு ஆடினால் காலின் தள்ளல் அந்த ஆட்டத்திலேயே கரைந்துபோகும்.

அடுத்து முன்தொடை. முழங்காலை நீட்டும் தசைகள் மிதி கீழிறங்கும் வழியில் வெகுதூரம்வரை விழித்திருக்கின்றன. அவற்றில் ஒன்று இடுப்பெலும்பில் தொடங்கி முழங்கால் சில்லைத் தாண்டி இறங்குகிறது. உட்கார்ந்திருக்கும்போது இது 3 மணியை நெருங்குவதற்குள்ளாகவே ஓய்ந்துவிடுவது வழக்கம். நின்றால் அது இறக்கத்தின் நடுப்பகுதியிலும் தொடர்ந்து உழைக்கிறது. நீண்ட நேரம் நின்று ஏறியபின் தொடையின் முன்பக்கம் நடுவில் எரிவது இதனால்தான். பின்தொடைத் தசைகளிலும் கெண்டைக்காலிலும் இவ்வளவு பெரிய மாற்றம் இல்லை. கணுக்காலைத் தளராமல் பிடித்துவைப்பது கெண்டைக்காலின் பொறுப்பு. அது நழுவினால் குதிகால் தொங்கிவிடும். ஒவ்வொரு மிதிப்பிலும் கொஞ்சம் உழைப்பு வீணாகும்.

கைகளின் மூன்று வேலைகள்

மிதிகள் சைக்கிளின் நடுக்கோட்டில் இல்லை. ஒவ்வொரு பாதமும் நடுக்கோட்டிலிருந்து சுமார் 12 சென்டிமீட்டர் விலகி இருக்கிறது. வலது மிதியில் 60 கிலோ எடையை வைத்தால் சைக்கிள் வலப்பக்கம் சாயப் பார்க்கும். இதை எதிர்கொள்வது கைகளின் முதல் வேலை.

கைப்பிடியின் அகலம் 42 சென்டிமீட்டர் என்றால் ஒவ்வொரு கையும் நடுக்கோட்டிலிருந்து 21 சென்டிமீட்டரில் இருக்கும். 60 கிலோவை 12-ஆல் பெருக்கி 21-ஆல் வகுத்தால் 34. சைக்கிள் நேராக நிமிர்ந்தே நிற்க வேண்டுமானால் வலது கை 34 கிலோ விசையோடு மேல்நோக்கி இழுக்க வேண்டும். அல்லது வலது கை 17 கிலோ இழுக்க, இடது கை 17 கிலோ கீழே தள்ள வேண்டும். ஒவ்வொரு மிதிப்புக்கும், பக்கம் மாற்றி மாற்றி. இப்படி ஒரு நிமிடம்கூடத் தாங்காது.

இதைத் தவிர்க்கத்தான் தேர்ந்த சைக்கிள்காரர்கள் சைக்கிளை ஆட்டுகிறார்கள். வலது கால் இறங்கும்போது சைக்கிள் இடப்பக்கம் சாய்கிறது. இடது கால் இறங்கும்போது வலப்பக்கம். உடல் ஏறக்குறைய நடுவிலேயே இருக்க, சைக்கிள் மட்டும் அதன் கீழே அசைகிறது. மிதிகளின் அச்சு தரையிலிருந்து சுமார் 27 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சைக்கிள் 10 பாகை இடப்பக்கம் சாய்ந்தால் அந்த அச்சும் 5 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இடப்பக்கம் நகரும். வலது பாதத்தின் விலகல் 12 சென்டிமீட்டரிலிருந்து 7 ஆகச் சுருங்கும். கைகள் தர வேண்டிய மொத்த விசை 34 கிலோவிலிருந்து 20 கிலோவாகக் குறைந்துவிடும். பார்ப்பவர்களுக்கு நடனம்போல் தெரியும் இந்த ஆட்டம், கைகளின் பாரத்தைக் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு குறைக்கும் ஏற்பாடு.

இரண்டாவது வேலை, காலுக்குப் பிடிமானம் தருவது. சீட் இல்லாதபோது கால் எவ்வளவு பலமாகக் கீழே தள்ளினாலும் உடல் மேலே எழும்பித் தப்பித்துவிடும். இறங்கும் காலின் பக்கத்துக் கை கைப்பிடியை மேல்நோக்கி, சற்றே பின்னோக்கி இழுக்கும்போது அந்த வழி அடைபடுகிறது. உடல் எடையையும் தாண்டி மிதியை அழுத்த முடிகிறது. இழுக்கும் கையில் பைசெப்ஸ் உழைக்கிறது. அந்த இழுப்பு தோளிலிருந்து முதுகு வழியாக இடுப்புக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் உடல் முறுக்கிக்கொண்டால் பயனில்லை. அதனால் முதுகெலும்பை ஒட்டிய நீண்ட தசைகளும் வயிற்றின் முன்தசையும் இறுகுகின்றன. டியூக்கின் குழு கை, வயிறு, முதுகுத் தசைகளிலும் மின்முனைகளை ஒட்டிப் பார்த்தது. நின்று மிதிக்கையில் அங்கெல்லாம் இயக்கம் தெளிவாகக் கூடியிருந்தது.

மூன்றாவது வேலை, தாங்குவது. இடுப்பு முன்னால் வந்துவிட்டதால் மேலுடலின் எடையில் ஒரு பகுதி கைகளின் மேல் சாய்கிறது. இழுக்காத மற்றக் கை அதைத் தாங்குகிறது. அதில் முழங்கையை மடங்காமல் பிடிக்கும் ட்ரைசெப்ஸ் உழைக்கிறது. ஆக, ஒரே நொடியில் ஒரு கை இழுக்கிறது, ஒரு கை தள்ளுகிறது. அடுத்த மிதிப்பில் வேலை மாறுகிறது.

வீட்டில் ஸ்டாண்டில் பொருத்திய சைக்கிளில் பயிற்சி செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அங்கே சைக்கிள் சாயாது. கவிழ்க்கும் விசையை ஸ்டாண்டே தாங்கிக்கொள்ளும். கால்களுக்குப் பயிற்சி கிடைக்கும். கைகளுக்கும் முதுகுக்கும் அந்தத் தாளம் பழகாது. அதைச் சாலையில்தான் பழக வேண்டும்.

இதற்கு என்ன விலை

இத்தனை தசைகள் புதிதாக வேலைக்கு வரும்போது அவற்றுக்கும் ரத்தம் வேண்டும். சீட் சுமந்த எடையைக் கால்களும் கைகளும் சுமக்கின்றன. நின்று ஏறும்போது இதயத் துடிப்பு கூடுவது இதனால். இலேசான சரிவில் இந்தச் செலவு வெறும் நஷ்டம். சரிவும் உழைப்பும் கூடக் கூட இரண்டு முறைகளுக்கும் உள்ள வித்தியாசம் மங்குகிறது.

கிரெகுவார் மியேயும் சக ஆய்வாளர்களும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. ஏற்றத்தில் சீரான வேகத்தில் போகும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலுக்குக் கிடைக்கும் பலனில் உட்கார்வதற்கும் நிற்பதற்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் 30 விநாடி முழுமூச்சாக மிதித்தபோது நின்றவர்கள் ஏறக்குறைய கால் பங்கு அதிகத் திறனைத் தந்தார்கள். 2008-ல் ஹான்சனும் வால்டெலாண்டும் 10 சதவீத ஏற்றத்தில் வேறொரு கேள்வியைக் கேட்டார்கள்: எந்த அளவு உழைப்பைத் தாண்டினால் நிற்பது லாபம்? ஆக்சிஜனைக் கொண்டு உடல் தரக்கூடிய உச்சத் திறனில் சுமார் 94 சதவீதம் என்பது அவர்கள் கண்ட எல்லை. அதற்குக் கீழே நிற்பதால் தனி லாபம் இல்லை. அந்த அளவு உழைப்பை யாரும் சில நிமிடங்களுக்கு மேல் தாங்க முடியாது.

ஆகவே கல்லட்டி முழுவதையும் நின்றே ஏற முயல்வது சாதாரண சைக்கிள்காரருக்குப் பொருந்தாது. பெரும்பகுதி உட்கார்ந்தும், உள்வட்ட வளைவுகளில் சில பத்து மிதிப்புகள் நின்றும் ஏறுவதே பொருந்தும். எடை குறைந்தவர்கள் இன்னும் கொஞ்சம் தாராளமாக நிற்கலாம். சீட்டைவிட்டு எழும்போது அவர்கள் கூடுதலாகச் சுமப்பது குறைவு. இத்தாலியின் மார்கோ பந்தானி மெலிந்த உடல்வாகு கொண்டவர். கைப்பிடியின் கீழ்வளைவைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றே மலையேறியதற்குப் பெயர் பெற்றார். மாறாக 2013 டூர் டி பிரான்ஸில் மோன் வான்டூ மலையில் கிறிஸ் ஃப்ரூம் சீட்டிலிருந்து எழாமலே மிதிவேகத்தைக் கூட்டிப் போட்டியாளர்களை விட்டு விலகிப்போனார். இரண்டுமே வெற்றி தந்த முறைகள்.

வளைவில் எப்படி எழுவது

வளைவு கண்ணில் பட்டதும், சாலை நிமிர்வதற்கு முன்பே கியரைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். நின்றால் மிதியின் சுற்று வேகம் குறையும், அழுத்தம் கூடும். மிக இலகுவான கியரில் எழுந்தால் கால் வெறுமையில் இறங்கித் தடுமாறும். பின்பக்கத்தில் இன்னும் இலகுவான பற்கள் மிச்சமிருந்தால், எழும் தருணத்தில் ஒரு படி கடினமான பல்லுக்கு மாறுங்கள். நம் கணக்கில் வந்தவரைப்போல் ஏற்கெனவே பாரமான கியரில் இருப்பவர் மாற்றத் தேவையில்லை. முழு அழுத்தம் செயினில் இருக்கும்போது கியர் மாற்றக் கூடாது. செயின் நழுவலாம், மிதி சட்டென்று காலிறங்கிப்போகலாம்.

கைகளைப் பிரேக் பிடிகளின் மேல் முனைக்குக் கொண்டுவாருங்கள். கைப்பிடியின் நடுவே பிடித்தபடி எழுந்தால் சைக்கிளை ஆட்டவும் முடியாது, பிடிக்கவும் முடியாது. ஒரு மிதி 12 மணியைத் தாண்டி இறங்கத் தொடங்கும் கணத்தில், அந்தக் காலைத் தள்ளியபடியே எழ வேண்டும். மிதிப்பதை நிறுத்திவிட்டு எழுந்தால் சைக்கிள் ஒரு சாண் பின்வாங்கியதுபோல் வேகம் இழக்கும். பின்னால் ஒட்டி வருபவரின் முன்சக்கரம் உங்கள் பின்சக்கரத்தில் உரசுவது பெரும்பாலும் இந்தத் தருணத்தில்தான்.

எழுந்தபின் இடுப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு நம்பகமான ஓர் அடையாளம் உண்டு: சீட்டின் மூக்கு தொடைகளின் பின்பக்கத்தை இலேசாக உரசிக்கொண்டே இருக்க வேண்டும். உரசலே இல்லையென்றால் நீங்கள் அதிகமாக முன்னால் போய்விட்டீர்கள். பின்சக்கரத்தின் மேல் எடை குறைந்து, ஈரத்திலோ சரளைக் கற்களிலோ அது சுழன்று வழுக்கும். சீட்டின் மேல் பாதி உட்கார்ந்ததுபோல் உரசினால் எடை மிதிக்கு வந்து சேரவில்லை. முன்தொடை மட்டும் வீணாக எரியும்.

கைகள் சரியாக வேலை செய்கின்றனவா என்பதை முன்சக்கரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். சைக்கிள் இருபுறமும் சாய்ந்தாலும் முன்சக்கரத்தின் தடம் நேராக இருக்க வேண்டும். தடம் பாம்பாக நெளிந்தால், நீங்கள் சைக்கிளைச் சாய்ப்பதற்குப் பதிலாகக் கைப்பிடியைத் திருப்பிக்கொண்டிருக்கிறீர்கள். முழங்கைகள் விறைத்து, தோள்கள் காதுவரை உயர்ந்திருந்தாலும் அதே கோளாறுதான். ஆட்டம் வெறும் ஆட்டமாகப் பெரிதாகிவிடுவதும் உண்டு. கால் இறங்குவதற்கு முன்பே கை சைக்கிளைச் சாய்த்துவிட்டால் உழைப்பு பக்கவாட்டில் போகிறது. கால் முன்னே, கை அதற்குப் பதில் என்ற வரிசை முக்கியம். மிதிப்பு சீராக இருந்தும் முன்கைகள் கால்களுக்கு முன்பாகவே களைத்தால், தேவைக்கு மேல் இழுக்கிறீர்கள் என்று பொருள்.

வளைவு முடிந்து சரிவு தணிந்ததும் உடனே தொப்பென்று உட்காராதீர்கள். இரண்டு மூன்று மிதிப்பு சைக்கிளை முன்னே ஓடவிட்டு, இடுப்பைப் பின்னே நகர்த்தி, ஒரு கால் அழுத்திக்கொண்டிருக்கும்போதே சீட்டில் இறங்குங்கள். கைகளைக் கைப்பிடியின் மேல்பகுதிக்குக் கொண்டுவந்து விரல்களைத் தளர்த்துங்கள். நின்றபோது இறுகியிருந்த வயிறும் முதுகும் தளரட்டும். மூச்சு ஆழமாகப் போகும். அடுத்த இடது வளைவுக்கு வேண்டிய பலம் இந்த ஓய்விலிருந்துதான் வருகிறது.

இவ்வளவும் செய்தும் ஒவ்வொரு வளைவிலும் எழுந்தாக வேண்டியிருக்கிறது, உட்கார்ந்தால் நகரவே இல்லை என்றால், குறை காலிலோ கையிலோ இல்லை, கியரில் இருக்கிறது. பின்பக்கம் 28 பல்லுக்குப் பதிலாக 34 பல் உள்ள தொகுதியைப் பொருத்தினால், அதே 16 சதவீத வளைவில் மிதியின் சராசரி அழுத்தம் 27 கிலோவிலிருந்து 22 கிலோ அளவுக்கு இறங்கும்; உச்சம் 45 கிலோவுக்குள் அடங்கும். அப்போது 60 கிலோ மனிதரைச் சீட் மறுபடி தாங்கத் தொடங்கும். சில சைக்கிள்களில் இதற்குப் பின்பக்கக் கியர் மாற்றியையும் செயின் நீளத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். கடையில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அதன் பிறகு எழுவதா, உட்கார்வதா என்பதை வளைவு தீர்மானிக்காது. நீங்கள் தீர்மானிப்பீர்கள்.